10க்கு 8 காதணி விழா பேனர்: எழுத்தின் உயரம், வரிகளின் வரிசை, பெயர்த் திருத்தம்

மதுரைப் பக்கம் ஒரு காதணி விழாவுக்குப் பேனர் வேலை. வாசலுக்கு 10 அடி அகலம், 8 அடி உயரத்தில் ஒன்று. உள்ளே சந்தன மேசைக்குப் பக்கத்தில் 6 அடிக்கு 4 அடியில் பெயர்ப் பலகை ஒன்று. வாசல் பேனர் முதல் அச்சிலேயே சரியாக அமைந்தது. 120 அடி தள்ளி, பஸ் நின்று ஆட்கள் இறங்கும் இடத்திலிருந்து விழாவின் பெயரும், சாலையின் எதிர்ப்புறத்திலிருந்து தேதியும் நேரமும் சிரமமில்லாமல் படிக்க முடிந்தது. பெயர்ப் பலகையை இரண்டு முறை அச்சடிக்க வேண்டியிருந்தது. இரண்டும் எப்படி நடந்தன என்பதை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

முதலில் இடத்தை அளந்தது

பேனர் அளவைக் குடும்பத்தார் முன்பே முடிவு செய்திருந்தார்கள். எங்கே கட்டுவது என்பதுதான் கேள்வி. சாலையோரத்தில் கட்ட வேண்டாம், மண்டபத்துச் சுற்றுச்சுவருக்கு உள்ளேயே சட்டம் நிறுத்தலாம் என்று பேசி முடித்தோம். பொது இடத்தில் கட்டுவதற்கு அனுமதி வாங்க வேண்டும் என்பது ஒரு காரணம். 2019 செப்டம்பரில் சென்னைப் பள்ளிக்கரணையில், சாலையில் கட்டியிருந்த பேனர் சரிந்து ஸ்கூட்டரில் போன பெண் உயிரிழந்தது இன்னொரு காரணம். அதற்குப் பிறகு சாலையை ஒட்டிக் கட்டச் சொல்லி யார் கேட்டாலும் இந்த வேலைக்கு ஒத்துக்கொள்ளக் கூடாது.

உள்ளே கட்டினால் படிக்கும் தூரம் கூடும். டேப் பிடித்து அளந்ததில் மூன்று தூரங்கள் கிடைத்தன. பஸ் நிறுத்தத்திலிருந்து 120 அடி. சாலையின் எதிர்ப்புறத்திலிருந்து 60 அடி. வாசலுக்குள் நுழையும் இடத்திலிருந்து 35 அடி. பேனரில் எந்த வரி எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும் என்பதை இந்த மூன்று எண்களே தீர்மானித்தன.

அங்கேயே கவனித்த இன்னொன்று, வண்டிகள். விழா நாளில் சுவரை ஒட்டி வரிசையாக பைக் நிறுத்துவார்கள். தரையிலிருந்து 2 அடி உயரத்தில் பேனரைத் தூக்கிக் கட்டினாலும் கைப்பிடியும் கண்ணாடியும் பேனரின் அடிப்பகுதியை மறைக்கும். அதனால் கீழே 18 இன்ச் வரை எந்த எழுத்தும் வரக்கூடாது, வெறும் பூ வேலைப்பாடு போதும் என்று குறித்துக்கொண்டோம்.

எழுத்து எத்தனை இன்ச்

பேனர் வேலையில் பலரும் சொல்லும் கணக்கு, 10 அடி தூரத்துக்கு 1 இன்ச் எழுத்து. நிதானமாகப் படிக்க அது சரியான அளவு. ஆங்கிலப் பெரிய எழுத்துகளை 1 இன்சுக்கு 25 அடி வரைகூட இழுத்துப் படித்துவிடலாம். தமிழுக்கு அது பொருந்தாது. ‘ட’, ‘ப’ போன்றவை தூரத்திலும் தெரியும். ‘ண’, ‘ன’, ‘ஞ’ போன்ற சுழி எழுத்துகளும், ‘ெ’, ‘ே’ என்ற இரண்டு கொம்புகளும், மெய் எழுத்தின் புள்ளியும் சீக்கிரம் கலங்கிவிடும்.

அதனால் ஒரு தாளில் 1 இன்ச் உயரத்தில் ‘ப’, ‘ட’, ‘ண’, ‘ன’, ‘கெ’, ‘கே’ என்று கறுப்பில் அச்செடுத்துச் சுவரில் ஒட்டி, பின்னால் நகர்ந்து பார்த்தோம். 35 அடியிலும் ‘ப’, ‘ட’ தெளிவாகத் தெரிந்தன. 25 அடியில் ‘ண’ எது, ‘ன’ எது என்று சந்தேகம் வந்துவிட்டது. கண்ணாடி போட்ட பெரியவர்களும் படிக்க வேண்டும் என்பதால் 1 இன்சுக்கு 15 அடி என்று நிறுத்திக்கொண்டோம். இந்த வேலை முழுக்க அதே கணக்குதான்.

இங்கே உயரம் என்பது ‘ப’ எழுத்தின் உயரம். மென்பொருளில் காட்டும் புள்ளிக் கணக்கை நம்பினால் ஏமாற்றம்தான். 72 புள்ளி ஒரு இன்ச் என்பது பாடம். ஆனால் தமிழ் எழுத்துருவில் மேலே ‘ீ’ சுழிக்கும் கீழே ‘ணு’, ‘மூ’ வால்களுக்கும் இடம் விட வேண்டியிருப்பதால், 72 புள்ளியில் அடித்த ‘ப’ அரை இன்ச்தான் வரும். இந்த வேலைக்கு எடுத்த எழுத்துருவில் 1 இன்ச் ‘ப’ கிடைக்க ஏறத்தாழ 140 புள்ளி தேவைப்பட்டது. எழுத்துருவுக்கு எழுத்துரு இது மாறும். ஒரு ‘ப’ அடித்து, திரை அளவுகோலால் அளந்து, உங்கள் எழுத்துருவுக்கான எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஃபோட்டோஷாப்பில் எழுத்து அளவு 1296 புள்ளிக்கு மேல் ஏற்காது. அதைவிடப் பெரிய தலைப்பைச் சிறிதாக அடித்துவிட்டு `Ctrl+T` கொடுத்து இழுக்க வேண்டும். எழுத்தாகவே இருக்கும்போது இழுத்தால் விளிம்பு கெடாது.

வந்த தாளில் இருந்ததும், பேனரில் நின்றதும்

குடும்பத்தார் கொடுத்த தாளில் குலதெய்வ வரி, அழைப்பு வாசகம், நாலு வரிக் கவிதை, தேதி, முகூர்த்த நேரம், மண்டபத்தின் முழு முகவரி, 38 பெயர்கள், இரண்டு கைபேசி எண்கள் இருந்தன. எல்லாவற்றையும் அப்படியே அடுக்கிப் பார்த்ததுதான் முதல் தவறு. குழந்தை படத்துக்கும் தலைப்புக்கும் போக மீதி இடத்தில் 38 பெயர்களையும் அடைத்தபோது பெயர் எழுத்து 1.1 இன்ச் வந்தது. 15 அடிக் கணக்கில் அது 16 அடி தூரத்துக்குத்தான் போதும். வாசலிலிருந்தே 35 அடி. சுவருக்கு அருகில் பைக் நிற்கும் என்பதால் 16 அடிக்குள் யாரும் போகவும் முடியாது. ஆக, ஒரு பெயரையும் யாரும் படிக்கப் போவதில்லை. பெயர்கள் பிடித்த இடத்தால் தலைப்பும் 6 இன்சுக்குச் சுருங்கியது.

பெயரை எடுக்கச் சொன்னால் எந்தக் குடும்பமும் ஒத்துக்கொள்ளாது. அது நியாயமும்கூட. சீர் கொண்டுவரும் சொந்தத்துக்குப் பெயர் போடுவது மரியாதை. அதனால்தான் வேலையை இரண்டாகப் பிரித்தோம். வாசல் பேனர் தூரத்திலிருந்து வருபவருக்கு. பெயர்ப் பலகை, சந்தனம் எடுக்க வரிசையில் நிற்பவருக்கு. அங்கே ஆட்கள் 6 முதல் 8 அடியில் நிற்கிறார்கள், ஒரு நிமிடமாவது நிற்கிறார்கள், தங்கள் பெயரைத் தேடுகிறார்கள், பக்கத்தில் நின்று படமும் எடுத்துக்கொள்கிறார்கள். 6க்கு 4 பலகையில் இரண்டு பத்தியாக 19, 19 பெயர்கள். உயரம் 48 இன்ச். தலைப்புக்கு 7, மேல் கீழ் ஓரத்துக்கு 5 போனால் 36 இன்ச் மிச்சம். வரிக்கு 1.9 இன்ச் கிடைத்தது, ‘ப’ உயரம் 0.9 இன்ச் வைக்க முடிந்தது. 13 அடி வரை தெளிவாகப் படிக்கலாம். இந்தக் கணக்கை அளவோடு காட்டியதும் வீட்டுப் பெரியவர் உடனே ஒத்துக்கொண்டார்.

வாசல் பேனரிலிருந்து மண்டப முகவரியையும் எடுத்தோம். மண்டபத்து வாசலிலேயே தொங்கும் பேனருக்கு முகவரி எதற்கு? கைபேசி எண், கவிதை, அழைப்பு வாசகம் எல்லாம் பத்திரிகையில் இருக்கின்றன. மிஞ்சியது ஆறே செய்திகள்: குலதெய்வ வரி, விழாவின் பெயர், குழந்தையின் பெயர், தேதி, நேரம், பெற்றோரும் தாய்மாமனும். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துகிறார்கள். வாசலில் அவர் பெயர் இல்லாமல் இருக்கக் கூடாது.

இன்ச் கணக்கில் அடுக்கியது

பேனரின் உயரம் 96 இன்ச். மேலே 6 இன்ச் ஓரம். சட்டத்தில் மடித்து ஆணி அடிக்கும்போது பக்கத்துக்கு 2 இன்ச் உள்ளே போய்விடும் என்பதால் ஓரத்தைக் கஞ்சப்படக் கூடாது. கீழே பைக்குக்காக விட்ட 18 இன்ச். நடுவில் 72 இன்ச் இருக்கிறது.

தமிழ் வரிக்கு ‘ப’ உயரத்தைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இடம் வேண்டும். மேல் வரியின் ‘ணு’ வாலும் கீழ் வரியின் ‘கீ’ சுழியும் முட்டிக்கொண்டால் எட்ட இருந்து பார்க்கும்போது அது வேறு எழுத்தாகத் தெரியும். ஆங்கிலத்துக்கு விடுகிற வரி இடைவெளியை அப்படியே விட்டால் இந்த முட்டல் நிச்சயம்.

‘காதணி விழா’ என்பதற்கு 120 அடிக்கு 8 இன்ச் போதும். 8 இன்சில் அடித்துப் பார்த்தபோது அகலம் 70 இன்ச்தான் வந்தது. இரு பக்கமும் 6 இன்ச் ஓரம் போக 108 இன்ச் இருப்பதால் 11 இன்சுக்கு உயர்த்தினோம். அகலம் 96 இன்ச் ஆனது. வரிக்கு 20 இன்ச் உயரம் கொடுத்தோம். குழந்தையின் பெயர் 6 இன்ச், இடம் 12. தேதி ஒரு வரி, நேரம் ஒரு வரி, தலா 4 இன்ச், இடம் 16. பெற்றோர் ஒரு வரி, தாய்மாமன் ஒரு வரி, தலா 2.5 இன்ச், இடம் 10. எல்லாம் சேர்ந்து 58. மிச்சம் 14 இன்சில் குலதெய்வ வரிக்கு 4, மற்றது வரிக் கூட்டங்களுக்கு இடையே காற்றாட விட்டது. இந்த வெற்றிடத்தை நிரப்பச் சொல்லிக் கேட்பார்கள். நிரப்பக் கூடாது. தலைப்பு தனியே, பெயர் தனியே என்று கண் பிரித்துக்கொள்வது அந்த இடைவெளியால்தான்.

குழந்தையின் படம் வலப்பக்கம் 40 இன்ச் அகலம். தலைப்பு மட்டும் முழு அகலத்துக்கும் ஓடும். கீழ் வரிகளுக்கு 68 இன்ச்தான் கிடைக்கும். 4 இன்ச் எழுத்தில் அதற்குள் 14 எழுத்துக்கு மேல் கொள்ளாது. ‘காலை 9.00 மணிக்கு மேல் 10.30 மணிக்குள்’ என்ற வழக்கமான வாசகம் அங்கே நுழையவே நுழையாது. ‘காலை 9.00 – 10.30’ என்று சுருக்கினோம். எழுத்தை நெருக்கி ஒடுக்கியிருந்தால் வரி நுழைந்திருக்கும், 60 அடியில் படிக்க முடியாமலும் போயிருக்கும். எண்களைக் கவனிக்க வேண்டும். அதே புள்ளி அளவில் எண்கள் ‘ப’ எழுத்தைவிட உயரமாக வரும். எண்களை மட்டும் தேர்ந்தெடுத்துக் குறைத்தால் வரி சமமாக நிற்கும்.

‘காதணி’, ‘காதனி’ ஆன கதை

முதல் வடிவத்தில் தலைப்புக்குத் தடித்த அலங்கார எழுத்துரு, அதைச் சுற்றி வெள்ளைக் கோடு, அதற்கு மேல் நிழல். கணினியில் அட்டகாசமாக இருந்தது. தூரச் சோதனை செய்தபோதுதான் கோளாறு தெரிந்தது. ‘ண’ எழுத்தின் மூன்று சுழிக்குள்ளும் இருக்கும் இடைவெளி குறுகலானது. சுற்றிக் கோடு போடும்போது அது வெளிப்பக்கம் மட்டும் போவதில்லை, சுழிக்குள்ளேயும் வளரும். ‘கோடு வெளியே’ என்று அமைத்தாலும் இதேதான், ஏனென்றால் சுழியின் உள்ளிடமும் எழுத்துக்கு வெளிதான். 1 இன்ச் கோட்டில் சுழிகள் இரண்டு அடைந்துபோயின. எட்டி நின்றால் ‘காதனி விழா’. சரியாகவே தட்டச்சு செய்த தலைப்பு, பிழையாகத் தெரிந்தது.

எழுத்துருவைச் சாதாரணத் தடிமனுக்கு மாற்றி, கோட்டை எழுத்து உயரத்தில் 3 சதவீதமாக, அதாவது 11 இன்சுக்கு மூன்றில் ஒரு பங்கு இன்சாகக் குறைத்தோம். நிழலை எடுத்தோம். கரும் அரக்குப் பின்னணியில் மஞ்சள் எழுத்து. பின்னணிக்கும் எழுத்துக்கும் வேறுபாடு போதுமா என்று பார்க்க, மொத்தப் படத்தையும் கறுப்பு வெள்ளையாக்கிப் பார்ப்பது நல்ல வழி. முதலில் யோசித்த பச்சையில் சிவப்பு, கறுப்பு வெள்ளையில் ஒரே சாம்பலாகக் கலந்துவிட்டது.

தூரச் சோதனைக்குத் திடலுக்குப் போக வேண்டியதில்லை. 10 அடி அகலப் பேனரை 120 அடியிலிருந்து பார்ப்பதும், இரண்டரை இன்ச் அகலப் படத்தை 30 இன்ச் தள்ளிப் பார்ப்பதும் கண்ணுக்கு ஒன்றுதான். செங்குத்தாகப் பிடித்த கைபேசித் திரையின் அகலம் ஏறத்தாழ இரண்டரை இன்ச். வடிவத்தைக் கைபேசிக்கு அனுப்பி, திரை அகலத்துக்கு நிறுத்தி, கையை முழுசாக நீட்டிப் பிடியுங்கள். பஸ் நிறுத்தத்திலிருந்து தெரியப்போவது அதுதான். 15 இன்சுக்குக் கிட்டே கொண்டுவந்தால் 60 அடி. பெரிதாக்காமல் பார்க்க வேண்டும். வீட்டுப் பெரியவர்களிடமும் இப்படியே காட்டினால், எழுத்துச் சின்னதாக இருக்கிறதா என்ற பேச்சு சீக்கிரம் முடிந்துவிடும்.

பெயர்கள்

நேரத்தில் பாதி இதில்தான் போனது. பட்டியல் முதலில் வாட்ஸாப்பில் ஆங்கில எழுத்தில் வந்தது. அதை அப்படியே தமிழாக்குவதுதான் பேனர் பிழைகளுக்குப் பெரிய ஊற்றுக்கண். ஆங்கிலத்தில் ஒரே எழுத்தாகக் கிடப்பது தமிழில் ‘ன’வா, ‘ண’வா, ‘ந’வா? ‘ல’வா, ‘ள’வா? ‘ர’வா, ‘ற’வா? தொலைபேசியில் கேட்டாலும் தீராது. தலைப்பெழுத்து இன்னும் சிக்கல். ஆங்கிலத்தில் ஒற்றை எழுத்தாக வருவது ‘க’வாக இருக்கலாம், ‘கா’, ‘கு’, ‘கோ’ எதுவாகவும் இருக்கலாம். அப்பா பெயரைக் கேட்காமல் தலைப்பெழுத்தைத் தமிழில் போட முடியாது.

சரியான எழுத்து எது என்பதை இலக்கணம் முடிவு செய்வதில்லை, பெயருக்கு உரியவர் முடிவு செய்கிறார். லட்சுமி, லெட்சுமி, இலட்சுமி மூன்றும் புழக்கத்தில் உள்ளவை. பழனிசாமி, பழனிச்சாமி என்று இரண்டு விதமாகவும் எழுதுகிறார்கள். அருணாசலம், அருணாச்சலம் என்பதும் அப்படித்தான். நமக்குத் தெரிந்ததை வைத்துத் ‘திருத்தினால்’ அவர்களுக்கு அது பிழை. ஆதார் அட்டையைப் பார்த்து எடுக்கலாம் என்று நினைக்க வேண்டாம். அதில் உள்ள தமிழ்ப் பெயர் பல அட்டைகளில் ஆங்கிலத்திலிருந்து இயந்திரம் மாற்றியதாக, பிழையோடு இருக்கிறது. ஒரு வெள்ளைத் தாளை வீட்டில் கொடுத்து, 38 பெயரையும் தமிழில் கையால் எழுதி வாங்கினோம். வரிசை எண், உறவு, தலைப்பெழுத்து, பெயர், இருக்கிறாரா மறைந்தவரா என்று ஐந்து பத்தி. கடைசிப் பத்தியை விடவே கூடாது. உயிரோடு இருப்பவர் பெயருக்கு முன்னால் ‘அமரர்’ வந்தால் அதை எந்தத் திருத்தமும் ஆற்றாது.

அடுத்தது தட்டச்சு. பேனர் கடைகளில் இன்னமும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் நிறைய உண்டு. அதில் `jkpo;` என்று தட்டினால் ‘தமிழ்’ என்று தெரியும். `n` என்றால் ‘ெ’, ஷிஃப்ட் சேர்த்து `N` என்றால் ‘ே’. ஷிஃப்ட் சரியாக விழாவிட்டால் ‘சேகர்’, ‘செகர்’ ஆகிவிடும். `p`, `P` என்பவை ‘ி’, ‘ீ’. கடையில் நெடில் குறிலாகும் பிழைகளில் பெரும்பாலானவை இப்படி வருபவைதான். யூனிகோடில் அடித்தால் இந்த வகை குறையும். வேறொன்று வரும்: ‘கௌ’ என்று வர வேண்டிய இடத்தில் ‘ெ’, ‘ள’ என்று இரண்டு எழுத்தாக அடித்துவிடுவது. பார்வைக்கு ஏறத்தாழ ஒன்றுபோல் இருக்கும், எழுத்துருவை மாற்றியதும் ‘கெளதமன்’ என்று உடைந்து நிற்கும். ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் யூனிகோட் தமிழை ஒட்டும்போது கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றால், அமைப்பில் எழுத்து இயந்திரத்தை மாற்ற வேண்டும்:

```
Preferences > Type > World-Ready Layout
```

மாற்றிவிட்டு மென்பொருளை மூடித் திறந்து, புதுக் கோப்பில் ஒட்டினால் கொம்பு தன் இடத்துக்கு வரும்.

திருத்தத்துக்கு அலங்காரமில்லாத எழுத்துருவில், 14 புள்ளியில், வெறும் பெயர்களை மட்டும் தாளில் அச்செடுத்தோம். திரையில் பார்த்துத் திருத்தினால் கண் பெயரைப் படிக்கும், எழுத்தைப் படிக்காது. இரண்டு பேர் உட்கார வேண்டும். ஒருவர் கையில் அச்சுத் தாள், இன்னொருவர் கையில் வீட்டார் எழுதிய தாள். அச்சுத் தாள் வைத்திருப்பவர் எழுத்தெழுத்தாகச் சொல்கிறார்: “ச, ர, வ, மூணு சுழி ண, ரெண்டு சுழி ன், புள்ளி.” அடுத்தவர் தன் தாளில் விரல் வைத்துக்கொண்டே வருகிறார். ‘சின்ன ர’, ‘பெரிய ற’, ‘சிறப்பு ழ’ என்று சொல்லியே ஆக வேண்டும், வெறும் ஒலியில் எதுவும் பிடிபடாது. 38 பெயருக்கு 25 நிமிடம் ஆனது. மூன்று பிழைகள் கிடைத்தன: ஒரு ‘ன’, ‘ண’ மாற்றம், விட்டுப்போன ஒரு புள்ளி, ‘கு’ ஆக வேண்டிய தலைப்பெழுத்து ‘க’ ஆனது. பிறகு பெயர்களை எண்ணிப் பார்த்தோம். அச்சில் 37. அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே தொடக்கம் இருந்ததால் தட்டச்சில் ஒரு வரி தாவிப் போயிருந்தது. எழுத்தெழுத்தாகப் படித்தபோது எதிரே இருந்தவரும் அந்தத் தாவலைக் கவனிக்கவில்லை. எண்ணிப் பார்க்காமல் விட்டிருந்தால் அது அப்படியே போயிருக்கும்.

தேதியைத் தனியாகப் பார்த்தோம். பெயர்ப் பலகையின் தலைப்பில் 14.09.2025, ஞாயிறு, ‘ஆவணி 14’ என்று இருந்தது. அந்த நாள் ஆவணி 29. ஆங்கிலத் தேதியே தமிழ் மாதத்துக்கும் போயிருக்கிறது. நாட்காட்டியைக் கையில் வைத்துத் தேதி, கிழமை, தமிழ்த் தேதி மூன்றையும் ஒன்றாகச் சரிபார்க்க வேண்டும். நேரமும் ஒரு காவல்தான். 9.00 – 10.30 என்பது சனிக்கிழமை ராகு காலம். கிழமை தவறிச் ‘சனி’ என்று விழுந்திருந்தால் நேரத்தை வைத்தே யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள்.

கடைசியாக, மிகப் பெரிய எழுத்தையும் எழுத்தெழுத்தாகப் படிக்க வேண்டும். சின்னப் பெயர்களில் தேடுகிற கண், 11 இன்ச் தலைப்பைத் தாண்டிப் போய்விடும்.

அச்சுக் கோப்பும், மறு அச்சும்

வாசல் பேனருக்கு முழு அளவில் இன்சுக்கு 72 புள்ளி அடர்த்தி: 8640க்கு 6912 பிக்சல். 2.5 இன்ச் எழுத்துக்கே 180 பிக்சல் கிடைப்பதால் அது போதும். பெயர்ப் பலகைக்கு 72 போதாது. 0.9 இன்ச் எழுத்துக்கு 65 பிக்சல்தான் வரும், 6 அடியில் நிற்பவருக்குச் சுழிகளின் ஓரம் படிக்கட்டாகத் தெரியும். 150 வைத்து 10800க்கு 7200 ஆக்கினோம். குழந்தையின் படத்தை வாட்ஸாப்பில் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லி வாங்கினோம். முதலில் சாதாரணமாக வந்த படம் 1200 பிக்சல் அகலம், 40 இன்சுக்கு விரித்தால் இன்சுக்கு 30தான். அசல் படத்தில் 3000 இருந்தது.

முழு அச்சுக்கு முன் 3 அடிக்கு 1 அடி துண்டில் ஒரு ‘ண’ முழு உயரத்தில், நாலு பெயர் பலகை அளவில், இரண்டு நிறத் துண்டு வைத்து மாதிரி எடுத்தோம். அரக்கு, திரையில் தெரிந்ததைவிடக் கறுத்து வந்தது. கொஞ்சம் சிவப்பு ஏற்றினோம்.

பெயர்ப் பலகை அச்சாகி வந்தபோது ‘ன’, ‘ண’ பிழை அப்படியே இருந்தது. திருத்தியது மென்பொருளில் திறந்த வடிவமைப்புக் கோப்பில். கடைக்குப் போனது அதற்கு முந்தைய நாள் எடுத்த படக் கோப்பு. இரண்டுக்கும் ஒரே பெயர், கடைசியில் ‘பைனல்’ என்று வேறு. ஸ்டிக்கர் வெட்டி ஒட்டலாமா என்று பார்த்தோம். ஃபிளெக்ஸ் நிறமும் ஸ்டிக்கர் நிறமும் சேரவில்லை, 6 அடியில் ஒட்டுப் பளிச்சென்று தெரிந்தது, அந்த ஒருவர் பெயர் மட்டும் ஒட்டுப் போட்டு நிற்பது பிழையைவிட மோசம். மறுபடி அச்சடித்தோம்.

செலவு: வாசல் பேனர் 80 சதுர அடி, 14 ரூபாய் வீதம் 1,120. பெயர்ப் பலகை 24 சதுர அடி, 336, மறு அச்சுக்கு இன்னொரு 336. மாதிரித் துண்டு 42. வடிவமைப்பு 400. ரீப்பர் சட்டம், ஆணி, கட்டு கூலி 900. மொத்தம் 3,134 ரூபாய்.

அடுத்த வேலையில் மாற்றப் போவது இரண்டு. கடைக்கு அனுப்பும் கோப்பின் பெயரில் அளவும் தேதியும் திருத்த எண்ணும் இருக்கும், பழைய படக் கோப்புகள் அழிக்கப்படும்:

```
PEYAR_6x4_2025-09-10_T4.jpg
```

இரண்டாவது, கடைசித் திருத்தம் திறந்த கோப்பில் நடக்காது. கடைக்குப் போகப்போகும் அதே படக் கோப்பைத் தாளில் அச்செடுத்து, மேலே கோப்பின் பெயரையும் எழுதி, வீட்டார் ஒருவர் எல்லாப் பெயரையும் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்ட பிறகே அச்சுக்குப் போகும். ஒரு எழுத்து மாறினாலும் புதிய எண், புதிய தாள், புதிய கையெழுத்து. பட்டியலில் பெயர் சேர்க்கக் கடைசி நாள் விழாவுக்கு ஐந்து நாள் முன்பு என்று முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும்.